பழைய காரில் ரிவர்ஸ் கேமரா: ஒயரும் கோலமாவும்

பாம்பனில் நிற்கிற என் 2009 ஆல்ட்டோவுக்கு நானே ரிவர்ஸ் கேமரா போட்டேன். ஆறே மாதத்தில் படம் விட்டுவிட்டு வர ஆரம்பித்தது. டேப்பைப் பிரித்தால் உள்ளே செம்பு பச்சை பூத்துப் பொடிந்து கிடக்கிறது. ஒயரைச் சும்மா முறுக்கி டேப் சுற்றியது என் தப்பு, உப்புக்காற்றுக்கு அது போதும். இரண்டாவது தடவை செய்த முறை இது.

முதலில் ரிவர்ஸ் லைட் ஒயரைக் கண்டுபிடிக்கணும். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, ரிவர்ஸ் கியர் போடுங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பாடி இரும்பில் வைத்து, சிவப்பு முனையால் பல்பு ஹோல்டருக்கு வரும் ஒயர்களைத் தொட்டுப் பாருங்கள். ரிவர்ஸில் 12 வோல்ட், நியூட்ரலில் பூஜ்யம் என்று எது காட்டுகிறதோ அதுதான். பிரேக்கில் கால் இருந்தால் பிரேக் லைட் ஒயரும் 12 காட்டி ஏமாற்றிவிடும்.

இனி பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கேமராவின் சிவப்பு ஒயரை 1 ஆம்ப் ஃப்யூஸ் வைத்து அந்த ரிவர்ஸ் லைட் ஒயரில் சேருங்கள். கறுப்பு ஒயரை பல்பு ஹோல்டரின் எர்த் ஒயரோடு சேர்ப்பது நல்லது, நம்ம ஊரில் பாடி போல்ட் சீக்கிரம் துருப்பிடிக்கும். எல்லா இணைப்புக்கும் ஈயப்பற்று, மேலே உள்பக்கம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ட்யூப். ட்யூபை முதலிலேயே ஒயரில் கோத்துவிடுங்கள், பற்றவைத்த பிறகுதான் எல்லாருக்கும் அது ஞாபகம் வரும்.

வீடியோ கேபிளோடு ஒரு மெல்லிய சிவப்பு ஒயர் வரும். அதன் பின்முனை அதே ரிவர்ஸ் ஒயருக்கு, ஃப்யூஸுக்கு அப்பால் கேமரா பக்கத்தில். முன்முனை ஸ்டீரியோவில் `BACK` அல்லது `REVERSE` என்று எழுதிய ஒயருக்கு. ரிவர்ஸ் போட்டும் திரை மாறவே இல்லையென்றால் இந்த ஒயரில் கோளாறு. திரை மாறி, படம் மட்டும் வரவில்லையென்றால் கேமராவின் கரன்ட்டையோ வீடியோ கேபிளையோ பாருங்கள்.

அப்புறம், திரையில் படத்தின் மேல் தெரியும் வழிகாட்டிக் கோடுகளைத் தரையோடு பொருத்தணும். சமதரையில் காரை நேராக நிறுத்தி, இரண்டு பக்கச் சக்கரத்தின் வெளி ஓரத்தை ஒட்டிப் பின்னோக்கி இரண்டு நேர்கோடு, பம்பரிலிருந்து 50 சென்டிமீட்டரிலும் 1 மீட்டரிலும் குறுக்குக்கோடு. நான் கோலமாவில் போட்டேன். "வாசலுக்குப் போடச் சொன்னா காருக்குப் போடுறான்" என்று அம்மா திட்டினார்.

திரையில் ஒரு பக்கக் கோடு மட்டும் விலகினால் கேமரா சாய்ந்திருக்கிறது, ஸ்க்ரூவைத் தளர்த்தித் திருப்புங்கள். திரையில் காருக்கு மிக அருகே தெரியும் சிவப்புக்கோடு 50 சென்டிமீட்டர் கோலக்கோட்டில் விழணும், எனக்கு 80 சென்டிமீட்டரில் விழுந்தது. கேமராவைக் கொஞ்சம் கீழே பார்க்க வைத்ததும் 55க்கு வந்தது, அதோடு விட்டேன். 50க்குக் குறைந்து பம்பரை ஒட்டி விழுவதுதான் ஆபத்து, கோடு தெரியும்போதே இடித்திருப்பீர்கள். எப்படித் திருப்பியும் பொருந்தவில்லையென்றால், கேமராவில் தொங்கும் சின்ன வளைய ஒயரை, எது கோட்டுக்கு என்று அதன் தாளில் பார்த்து வெட்டிவிட்டு, ஸ்டீரியோவில் கோடு வசதி இருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வளையம் படத்தை இடம்வலம் மாற்றும்; காரின் இடப்பக்கம் ஒருவரை நிறுத்திப் பாருங்கள், திரையிலும் இடப்பக்கமே தெரியணும்.

கடைசியில் ஒரு காலி மீன் பெட்டியைப் பின்னால் வைத்து மெதுவாக ரிவர்ஸ் எடுத்து, பெட்டியின் அடி சிவப்புக்கோட்டைத் தொட்டதும் நிறுத்தி இறங்கி அளந்தேன். 54 சென்டிமீட்டர்.