ஒரு டாலருக்குக் கையில் நின்றது எத்தனை ரூபாய்?

வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் ஃப்ரீலான்சர்கள் பலர், ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் டாலருக்கு எவ்வளவு கிடைத்தது என்று தனித்தனியாகக் கணக்கிட்டு, அந்த எண்களைக் கூட்டி, இன்வாய்ஸ்களின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி எடுக்கிறார்கள். 200 டாலர் பில்லும் 3,000 டாலர் பில்லும் அந்தக் கணக்கில் சமமாகிவிடுவதால் விடை பெரிதும் பிசகிவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சந்தை விலை 85 ரூபாய், வங்கி கொடுத்த விலை 84 ரூபாய், இடையில் நின்ற வெளிநாட்டு வங்கி ஒவ்வொரு முறையும் பிடித்தது 15 டாலர், நம் வங்கியின் கட்டணம் வரியோடு 236 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இவை தவிர, நாணய மாற்றத்துக்கு ஜிஎஸ்டியும் உண்டு. சிறிய பில்லுக்கு அது குறைந்தபட்ச அளவான 45 ரூபாய், பெரியதற்கு ஏறத்தாழ 316 ரூபாய். 200 டாலர் பில்லில் வங்கிக்கு வந்து சேர்ந்த 185 டாலர், 15,540 ரூபாயாக மாறி, பிடித்தங்கள் போக 15,259 ரூபாயாக நிற்கிறது, டாலருக்கு 76.30. 3,000 டாலர் பில்லில் நிற்பது 2,50,188 ரூபாய், டாலருக்கு 83.40. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 79.85 வரும். மொத்த ரூபாயை மொத்த டாலரால் வகுத்தால் வருவது 82.95, இதுவே சரியான விடை.

எக்செலில், B நெடுவரிசையில் இன்வாய்ஸ் டாலரும் D-யில் நிகர ரூபாயும் இருந்தால், `AVERAGE` வேண்டாம், இப்படி எழுதுங்கள்:

```
=SUM(D2:D3)/SUM(B2:B3)
```

B-யில் எந்த டாலரை எழுதுவது என்பதில்தான் அடுத்த தவறு நேர்கிறது. வங்கியின் ஆவணத்தில் 185, 2,985 என்றே இருக்கும். அதை அப்படியே எடுத்தால் சராசரி 83.74 ஆக உயர்ந்து, வழியில் போன 30 டாலர் கணக்கிலிருந்தே மறைந்துவிடும். நாம் உழைத்து பில் போட்டது 3,200 டாலருக்கு என்பதால் வகுக்க வேண்டியதும் அந்த 3,200-ஆல்தான்.

இதற்கு நேர்மாறாக, வங்கி விலையில் ஏற்கெனவே அடங்கிய ஒரு ரூபாய் மார்ஜினை, வரவான ரூபாயிலிருந்து மறுபடியும் கழித்துவிடுவோரும் உண்டு. 84 ரூபாய் விலையில் மாறிய தொகைதான் கணக்கில் ஏறியிருக்கிறது. ஆகவே மார்ஜினைத் தனியே கழிக்கக் கூடாது. ஜிஎஸ்டியும் கட்டணமும் அப்படியல்ல. அவை சில வங்கிகளில் வரவுக்குப் பிறகு தனிப் பற்றாக விழுவதால், வரவு குறுஞ்செய்தியை மட்டும் நம்பாமல் அடுத்த சில நாள்களின் கணக்கு அறிக்கையையும் பார்த்துக் கழிக்க வேண்டும்.

மார்ஜினை அறிய விரும்பினால், பில் போட்ட நாளின் சந்தை விலையோடு அல்ல, வங்கி டாலரை மாற்றிய நாளின் விலையோடு ஒப்பிடுங்கள். இல்லையேல் இடைப்பட்ட நாள்களின் ஏற்ற இறக்கமும் வங்கியின் மார்ஜினாகத் தோன்றும்.