கண்டதையே கூறும் முடிவுரையை மதிப்பிடுவது எப்படி?

ஐங்குறுநூற்று மருதத்திணையில் உள்ளுறையை ஆராயும் முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்று உங்கள் மதிப்பீட்டுக்கு வந்திருப்பதாகக் கொள்வோம். அதன் முடிவுரை, “களவன் பத்தில் வரும் நண்டு தலைவனின் புறத்தொழுக்கத்தைச் சுட்டுவதை மூன்றாம் இயல்வழி அறிய முடிகிறது” என்பது போன்ற வாக்கியங்களை இயல் வரிசையில் அடுக்கி, “பிற திணைகளையும் இவ்வாறு ஆராயலாம்” என்று நின்றுவிடுகிறது.

முதலில் முடிவுரையை மூடி வைத்துவிட்டு, முன்னுரையில் உள்ள ஆய்வுச் சிக்கலையும் முன்னாய்வுகள் பற்றிய பகுதியையும் படித்து, ஆய்வாளர் எந்த இடைவெளியை நிரப்பப் புறப்பட்டார் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நம் எடுத்துக்காட்டில், முந்தையோர் உள்ளுறையைத் தனிப்பாடல் அளவிலேயே விளக்கினர் என்றும், ஒரே உயிரினத்தை மையமாகக் கொண்ட பத்துப் பாடல்களைத் தொடராக வாசிக்கவில்லை என்றும் அவர் கூறியிருக்கிறார் எனக் கொள்வோம்.

அடுத்து, முடிவுரையின் ஒவ்வொரு வாக்கியத்தையும் அந்த இடைவெளியோடு ஒப்பிட்டு, முன்பே தெரிந்தது, இயலில் கண்டது, இடைவெளிக்கு விடை தருவது என மூன்றாகக் குறியிடுங்கள். “உள்ளுறை கருப்பொருளின் அடியாகப் பிறக்கிறது” என்ற வாக்கியம் முதல் வகை. தெய்வம் நீங்கலான கருப்பொருளே உள்ளுறைக்கு நிலைக்களன் என்று தொல்காப்பியமே சொல்லியிருக்க, அதைக் கண்டுபிடிப்பாக எண்ணிட்டுத் தருவது வியப்புக்குரியது. நண்டைப் பற்றிய வாக்கியம் இரண்டாம் வகை. மூன்றாம் வகையில் ஒன்றும் தேறவில்லை என்றால் குறை எங்கே என்பது தெளிவாகிவிடும்.

இனிக் குறிப்பு எழுத வேண்டும். “பங்களிப்பு தெளிவாக இல்லை” என்று மட்டும் எழுதினால், ஆய்வாளர் பெரும்பாலும் அதே பட்டியலுக்கு முன்னால் “புதிய” என்ற சொல்லைச் சேர்த்துத் திருப்பி அனுப்புவார். அதைவிட, “பத்துப் பாடல்களையும் தொடராக வாசித்ததால், தனிப்பாடல் வாசிப்பில் புலப்படாத எது புலப்பட்டது? கூற்று மாறும்போது நண்டின் குறிப்புப் பொருளும் மாறுகிறதா?” என்று கேளுங்கள். விடையை நீங்களே எழுதிக் கொடுப்பது முறையன்று. வாய்மொழித் தேர்வில் அதை நிறுவ வேண்டியவர் அவர்தான். வரும் விடை சங்க அகப்பாடல் முழுவதற்கும் பொருந்துவதாகக் கூறினால், நூறு மருதப் பாடல்கள் அவ்வளவு பெரிய கூற்றைத் தாங்குமா என்பதையும் பாருங்கள்.

எதிர்கால ஆய்வுப் பகுதிக்கு ஒரு சோதனை உண்டு: அதே வாக்கியத்தை வேறோர் ஆய்வேட்டில் ஒட்டினாலும் பொருந்துமானால், அது பரிந்துரை ஆகாது. உண்மையான பரிந்துரை இவ்வாய்வின் எல்லையிலிருந்து பிறக்கும். நெய்தலின் வெள்ளாங்குருகுப் பத்தில் பத்துப் பாடல்களும் “வெள்ளாங் குருகின் பிள்ளை செத்தென” என்ற ஒரே அடியில் தொடங்குகின்றன. கருப்பொருட் காட்சி திரும்பத் திரும்ப வரும் அங்கே இந்த வாசிப்பு முறை செல்லுபடியாகுமா என்ற கேள்வியை, எந்தப் பாடல்கள், எந்த முறை, ஏன் இவ்வாய்வால் இயலவில்லை என்னும் விளக்கத்தோடு எழுதும்படி கோருங்கள். இத்தகைய பரிந்துரை ஒன்றிரண்டு இருந்தால் போதும்.