செங்கோண முக்கோணத்தின் இரண்டு பிறைகள்: பரப்பளவு காண்பது எப்படி?

வட்ட வில்களால் அடைபட்ட உருவத்துக்குப் பரப்பளவு கண்டால், விடையில் எங்கேயாவது π ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கே நாம் பார்க்கப்போகும் இரண்டு பிறைகளைக் கூட்டினால் மட்டும் π முழுவதுமாக மறைந்து, ஒரு சாதாரண முக்கோணத்தின் பரப்பளவு கிடைக்கிறது. பக்கங்கள் 6, 8, 10 செ.மீ. உள்ள செங்கோண முக்கோணத்தில் இதைச் செய்து பார்க்கலாம்.

முதலில் படம்

வழக்கமாக முக்கோணத்தை வரைந்துவிட்டுத்தான் அரைவட்டங்களுக்குப் போவார்கள். நான் கர்ணத்தின் அரைவட்டத்தில் தொடங்கச் சொல்வேன். அப்படிச் செய்தால் செங்கோணம் தானாகவே அமைந்துவிடும்.

AB என்று 10 செ.மீ. கோடு வரையுங்கள். அதன் நடுப்புள்ளி M. கவராயத்தில் 5 செ.மீ. எடுத்து, M-ஐ மையமாக வைத்து, கோட்டுக்கு மேலே அரைவட்டம் போடுங்கள். பிறகு கவராயத்தை 6 செ.மீ. ஆக்கி, முனையை A-இல் ஊன்றி, அரைவட்டத்தை ஒரு இடத்தில் வெட்டுங்கள். அது C. AC, BC இரண்டையும் சேர்த்துவிட்டு BC-ஐ அளந்து பாருங்கள். 8 செ.மீ. வரவேண்டும். அரைவட்டத்தில் அமையும் கோணம் 90° என்பதால் C-இல் இருப்பது செங்கோணம்தான்.

அப்புறம் AC-இன் நடுவில் ஊன்றி 3 செ.மீ. ஆரத்திலும், BC-இன் நடுவில் ஊன்றி 4 செ.மீ. ஆரத்திலும், முக்கோணத்துக்கு வெளிப்புறமாக இரண்டு அரைவட்டங்கள் வரையுங்கள். பலர் தடுமாறும் இடம் இது: 6, 8 என்பவை விட்டங்கள், ஆரங்கள் அல்ல. சின்ன அரைவட்டத்துக்கும் பெரிய அரைவட்டத்துக்கும் இடையில் இப்போது இரண்டு பிறைகள் தெரியும். அவற்றுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டால் கணக்கு எளிதாகப் புரியும்.

இப்போது கணக்கு

மொத்தப் படத்தையும் இரண்டு விதமாகப் பிரித்துப் பார்க்கிறோம்.

ஒரு விதத்தில் அது முக்கோணமும் இரண்டு சின்ன அரைவட்டங்களும் சேர்ந்தது. முக்கோணம் ½ × 6 × 8 = 24. அரைவட்டங்கள் ½ × π × 3² = 4.5π, ½ × π × 4² = 8π. ஆக மொத்தம் 24 + 12.5π.

இன்னொரு விதத்தில் அதே படம் பெரிய அரைவட்டமும் இரண்டு பிறைகளும் சேர்ந்தது. பெரிய அரைவட்டம் ½ × π × 5² = 12.5π.

இரண்டும் ஒரே படம் என்பதால்:

```
பிறைகள் + 12.5π = 24 + 12.5π
பிறைகள் = 24 ச.செ.மீ.
```

4.5π-யும் 8π-யும் சேர்ந்து சரியாக 12.5π ஆனது தற்செயல் இல்லை. விட்டம் a உள்ள அரைவட்டத்தின் பரப்பு πa²/8. a² + b² = c² என்ற பிதாகரஸ் தேற்றத்தை π/8-ஆல் பெருக்கினால், சின்ன அரைவட்டங்கள் இரண்டும் சேர்ந்து பெரியதற்குச் சமம் என்று வந்துவிடும். எனவே எந்தச் செங்கோண முக்கோணத்தை எடுத்தாலும், இரண்டு பிறைகளின் கூடுதல் முக்கோணத்தின் பரப்புதான்.

C-இல் கோணம் 90° இல்லாவிட்டால் இது நடக்காது. அதைப் படத்திலேயே கண்டுபிடிக்கலாம். பெரிய அரைவட்டம் C வழியே போகாமல், அதற்கு உள்ளேயோ வெளியேயோ விலகி நிற்கும்.

ஒரு பிறை மட்டும் எவ்வளவு?

24-ஐப் பாதியாக்கி 12 என்று எழுதிவிடக் கூடாது. AC மேலுள்ள பிறையைத் தனியாகப் பார்ப்போம். சின்ன அரைவட்டத்திலிருந்து, AC என்ற நாணுக்கும் பெரிய வில்லுக்கும் இடையே உள்ள வட்டத்துண்டைக் கழித்தால் அந்தப் பிறை கிடைக்கும்.

MC-ஐ வரையுங்கள். M-இல் உள்ள கோணம் AMC சுமார் 73.74°. அந்தக் கோணத்துக்கான வட்டக்கோணப்பகுதி (73.74 ÷ 360) × 25π, அதாவது சுமார் 16.09. இதில் முக்கோணம் AMC போக வேண்டும். M நடுப்புள்ளி என்பதால் அது பெரிய முக்கோணத்தில் சரிபாதி, 12. மிச்சம் 4.09 என்பதே வட்டத்துண்டு. சின்ன அரைவட்டம் 14.14. கழித்தால் பிறை 10.05 ச.செ.மீ. மற்றது 13.95. கூட்டிப் பாருங்கள், 24 வரும். தனித்தனியாகக் கணக்கிட்டபோது π-யும் கோணமும் தேவைப்பட்டன; கூட்டும்போதுதான் அவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டன.

செங்கோணத்தை ஒட்டிய பக்கங்கள் இரண்டும் சமமாக இருந்தால் நிலைமை வேறு. இரண்டும் 8 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முக்கோணம் 32, பிறைகள் இரண்டும் ஒரே அளவு, ஆகவே ஒவ்வொன்றும் 16. அதாவது அந்த ஒற்றைப் பிறையே 4 செ.மீ. பக்கமுள்ள சதுரத்துக்குச் சமம். இதை முதலில் காட்டியவராகக் கருதப்படுபவர் கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கியோஸ் தீவுக்காரர் ஹிப்போகிரட்டீஸ். மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் வேறு ஆள். பிறையைச் சதுரமாக்க முடிந்ததைப் போல முழு வட்டத்தையும் அளவுகோல், கவராயம் கொண்டு சதுரமாக்க முடியுமா என்ற கேள்வி அதன் பிறகு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. முடியாது என்பது 1882-இல் லிண்டமன் π பற்றித் தந்த நிரூபணத்தால் உறுதியானது.