மேலப்பாளையம் குளிர்ச்சியான பகுதியா? வெப்ப வரைபடம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உறவுக்காரப் பையன் ஒருவன் பிப்ரவரி மாதத்துச் செயற்கைக்கோள் படம் ஒன்றிலிருந்து திருநெல்வேலி மாநகரத்தின் வெப்ப வரைபடம் போட்டு எடுத்து வந்தான். நிலப்பரப்பு வெப்பநிலையை வார்டு வாரியாகச் சராசரி எடுத்து, நீலத்திலிருந்து சிவப்பு வரை வண்ணம் தீட்டியிருந்தான். பாளையங்கோட்டையின் உட்பகுதி சிவப்பு. வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கும் மேலப்பாளையமோ நீலம்.

"அண்ணாச்சி, மேலப்பாளையம் இரண்டு டிகிரி குளிர்ச்சி. கணக்கு சரியாகத்தான் வருகிறது" என்றான்.

கணக்கு சரிதான். கேள்விதான் தவறு. எங்கெங்கே தவறியது என்று இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

முதலில் எண்ணைச் சரியாகப் படிக்க வேண்டும்

லேண்ட்சாட் 8, 9 ஆகிய இரண்டு செயற்கைக்கோள்களிலும் வெப்பத்தைப் பார்க்கப் பயன்படுவது பத்தாவது அலைநீளப் பட்டை. இது இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. முதல் நிலைக் கோப்பில் இருப்பது செயற்கைக்கோளை எட்டிய கதிர்வீச்சு மட்டுமே. அதை வெப்பநிலையாக மாற்றினால் கிடைப்பது ஒளிர்வு வெப்பநிலை. தரையின் வெப்பநிலை அல்ல. இடையிலுள்ள காற்றின் ஈரமும், தரைப்பொருள் தன் சூட்டை எந்த அளவுக்குக் கதிர்வீச்சாக வெளிவிடும் என்ற உமிழ்திறனும் அதில் திருத்தப்படவில்லை. இரண்டாம் நிலைக் கோப்பில், அதாவது `ST_B10` என்று முடியும் கோப்பில், அந்த இரண்டு திருத்தங்களும் செய்யப்பட்டிருக்கும்.

இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் பலவும் முதல் நிலையிலிருந்து தொடங்கி, உமிழ்திறனை மட்டும் திருத்திவிட்டு, காற்றின் ஈரத்தை மறந்துவிடுகின்றன. ஒரே நாளில் ஒரே நகரத்தின் இரு தெருக்களை ஒப்பிடும்போது, மேலே உள்ள காற்று இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதானே, கழித்தால் போய்விடாதா என்று தோன்றும். முழுவதும் போகாது. ஈரக்காற்று தரையின் கதிர்வீச்சில் ஒரு பங்கை விழுங்கிவிடுவதால், இரு இடங்களுக்கு இடையிலான வித்தியாசமும் சுருங்கித் தெரியும். வெவ்வேறு நாள்களை ஒப்பிட்டால் தவறு இன்னும் பெரிது. தொடங்குபவர்கள் இரண்டாம் நிலைக் கோப்பையே எடுத்துக்கொள்வது நல்லது.

பையன் அதைத்தான் எடுத்திருந்தான். ஆனால் தரவு இல்லாத இடங்களில் அந்தக் கோப்பு 0 என்று வைத்திருப்பதைக் கவனிக்கவில்லை. அந்த 0-வையும் சூத்திரத்தில் போட்டால் வருவது 149 கெல்வின், அதாவது −124.15 டிகிரி செல்சியஸ். ஒரு வார்டின் பிக்சல்களில் நூற்றில் ஒன்று இப்படி இருந்தால் போதும், 35 டிகிரி சராசரி 33.4 ஆகிவிடும். படத்தின் மிகக் குறைந்த மதிப்பு −124.15 என்று திரையில் வந்தால் வேறு எதையும் தேட வேண்டாம், இதுதான் காரணம்.

```
celsius = np.where(dn == 0, np.nan, dn * 0.00341802 + 149.0 - 273.15)
```

இதில் `dn` என்பது கோப்பிலுள்ள எண். அது 46000 என்றால் விடை 33.08 டிகிரி. எழுதிய நிரல் சரியா என்று பார்க்க இந்த ஒரு கணக்கு போதும். மேகத்தையும் மேக நிழலையும் `QA_PIXEL` கோப்பைக் கொண்டு நீக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. மேகத்தின் விளிம்பையும் சேர்த்து நீக்க வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

இதையெல்லாம் திருத்திய பிறகும் மேலப்பாளையம் நீலமாகவே இருந்தது.

வார்டுக்குள் வயல் இருக்கிறது

பாளையங்கால்வாய் ஓடும் பக்கம் அது. பிப்ரவரி என்றால் பிசான நெல் வயலில் நிற்கும் காலம். தண்ணீரும் பச்சையும் உள்ள வயல், வாங்கும் வெயிலில் பெரும்பகுதியை நீராவியாக்குவதில் செலவிடுகிறது; அதனால் சூடேறாது. மாநகராட்சியின் எல்லைக்கோடு வீடுகள் முடியும் இடத்தில் முடிவதில்லை. ஓரத்து வார்டுகள் வயலையும் வளைத்துக்கொண்டே போகின்றன.

புரிவதற்காக ஒரு கணக்கு. ஒரு வார்டில் 60 பங்கு வீடுகள், அவை 39 டிகிரி. 40 பங்கு நெல்வயல், அது 31 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். சராசரி 35.8. இன்னொரு வார்டில் 95 பங்கு வீடுகள், 38 டிகிரி. மீதி மரநிழல், 33 டிகிரி. சராசரி 37.75. வரைபடத்தில் முதல் வார்டு ஏறக்குறைய இரண்டு டிகிரி குளிர்ச்சி. ஆனால் மனிதர்கள் குடியிருக்கும் இடத்தை மட்டும் பார்த்தால் அதுதான் ஒரு டிகிரி அதிகச் சூடு. வயலின் குளிர்ச்சியை வீட்டுக்காரரின் கணக்கில் எழுதிவிட்டோம்.

இதே வரைபடத்தை மே மாதப் படத்தில் போட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் வேடிக்கையாகிவிடும். பிசான அறுவடை முடிந்து, கார் நடவுக்குத் தண்ணீர் வராமல், வயல் வெடித்துக் கிடக்கும் நேரம் அது. காய்ந்த வெறுந்தரை காலை வெயிலிலேயே மளமளவென்று சூடேறிவிடும். பிப்ரவரியில் சராசரியைக் கீழே இழுத்த அதே வயல் இப்போது மேலே தள்ளும். வார்டுகளின் வரிசை தலைகீழாகும். ஒரு வீடுகூடக் கூடவில்லை, ஒரு மரம்கூட விழவில்லை. மாறியது பயிர்ப் பருவம் மட்டும். நகரம் சுற்றுப்புறத்தைவிட எத்தனை டிகிரி அதிகம் என்று எழுதுகிறவர்களும் இந்தப் பள்ளத்தில்தான் விழுகிறார்கள். சுற்றுப்புறம் என்றால் பிசான வயலா, கோடைத் தரிசா, செம்மண் காடா என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

சரிசெய்யும் வழி கடினமானதல்ல. வார்டு எல்லையை விட்டுவிட்டு, குடியிருப்பை மட்டும் தனியே வரைந்துகொள்ள வேண்டும். வயல், குளம், ஆற்றங்கரை ஆகியவற்றிலிருந்து குறைந்தது 100 மீட்டர் உள்ளே தள்ளி அந்தக் கோட்டைப் போட வேண்டும்.

அந்த 100 மீட்டர் ஏன்?

கோப்பு 30 மீட்டர் கட்டங்களாக வருவதால் கருவியும் அத்தனை நுணுக்கமாகப் பார்த்தது என்று நம்பிவிடுகிறோம். வெப்பக் கருவி உண்மையில் பார்ப்பது 100 மீட்டர் அளவில். மற்றப் பட்டைகளோடு பொருந்தட்டும் என்று அதை 30 மீட்டராக நறுக்கித் தருகிறார்கள். நறுக்குவதால் புதிய தகவல் எதுவும் பிறப்பதில்லை.

நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளில், தெற்கு ரத வீதி இத்தனை டிகிரி, மேல ரத வீதி இத்தனை டிகிரி என்று பிரித்துச் சொல்ல இந்தப் படத்தால் முடியாது. ஒரே கட்டத்துக்குள் தெரு, மொட்டைமாடிகள், கொல்லைப்புறம் எல்லாம் கலந்து கிடக்கும். நயினார்குளத்தை ஒட்டிய வீடுகள் குளிர்ச்சியாகத் தெரிந்தால், குளம் வீட்டைக் குளிர்விக்கிறது என்று உடனே எழுதிவிடக் கூடாது. குளத்துத் தண்ணீரே அந்தப் பிக்சலுக்குள் பாதி நுழைந்திருக்கும்.

இதிலிருந்து பிறக்கும் இன்னொரு தவறு கண்ணுக்குத் தெரியாது. ஒரு பகுதியில் 1000 பிக்சல், இன்னொன்றில் 1000 பிக்சல் என்று புள்ளியியல் சோதனை வைத்தால், அரை டிகிரி வித்தியாசம்கூட ஐயத்துக்கு இடமில்லாததாகத் தோன்றும். 100 மீட்டர் கட்டம் ஒன்றில் 30 மீட்டர் கட்டங்கள் ஏறக்குறைய 11 அடங்கும். ஆகவே நம்மிடம் இருப்பவை 1000 அளவீடுகள் அல்ல, சுமார் 90. அவையும் அக்கம்பக்கத்து அளவீடுகள் என்பதால் ஒன்றையொன்று ஒத்திருக்கும்.

குளிர்ச்சியாகத் தெரியும் தகரம்

குடியிருப்பை மட்டும் வரைந்து பார்த்தபோது மேலப்பாளையத்தின் நீலம் போய்விட்டது. ஆனால் நகரத்தின் வேறொரு மூலையில் சரக்குக் கிடங்குகள் இருக்கும் இடத்தில் ஒரு நீலத் திட்டு மிஞ்சியது. பக்கத்தில் மரமில்லை, தண்ணீரில்லை. பையன் அதைப் பூங்கா என்று நினைத்திருந்தான். மேலே பளபளவென்று புதிய துத்தநாகத் தகரம்.

மதியம் அதைத் தொட்டால் கை கொப்பளிக்கும். செயற்கைக்கோளுக்கு மட்டும் குளிர்ச்சி. காரணம் உமிழ்திறன். மண், காரை, ஓடு, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், பெயின்ட் அடித்த தகரம் எல்லாம் தம் சூட்டுக்கு உரிய கதிர்வீச்சில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளிவிடும். பளபளக்கும் புதுத் தகரம் மூன்று பங்கோ அதற்கும் குறைவாகவோதான் விடும். மீதிக்கு அது வானத்தைப் பிரதிபலிக்கிறது. இந்த அலைநீளத்தில் தெளிந்த வானம் குளிர்ச்சியானது. 57 டிகிரி சூடான அப்படிப்பட்ட தகரம் 100 மீட்டர் கட்டத்தில் கால்பங்கு இருந்து, மீதி 37 டிகிரி தரை என்றால், கட்டம் முழுவதும் ஐந்தாறு டிகிரி குறைந்து தெரியும் என்று தோராயமாகக் கணக்கு வருகிறது.

இரண்டாம் நிலைக் கோப்பில் உமிழ்திறன் திருத்தப்பட்டிருக்கிறதே என்று கேட்கலாம். அந்தத் திருத்தம் ஆஸ்டர் கருவி 2000 முதல் 2008 வரை எடுத்த படங்களிலிருந்து செய்யப்பட்ட உமிழ்திறன் வரைபடத்தை நம்பியிருக்கிறது. தாவரம் கூடியதையும் குறைந்ததையும் கணக்கில் எடுக்கும். அன்று தரிசாக இருந்த நிலத்தில் பிறகு முளைத்த தகரக் கொட்டகையை அது அறியாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பசுமையின் அளவைக் காட்டும் தாவரக் குறியீடு குறைவாக, தண்ணீரும் இல்லாமல், ஓர் இடம் அக்கம்பக்கத்தைவிடச் சில டிகிரி குறைவாக இருந்தால், மேலிருந்து எடுத்த தெளிவான படத்தில் கூரையைப் பாருங்கள். தகரம் என்றால் அந்த இடத்தை ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். திருத்த முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். இதில் எனக்கு உறுத்துவது ஒன்று: தகரக் கூரை நெருங்கியுள்ள குடியிருப்புகளும் இதே காரணத்தால் வரைபடத்தில் குளிர்ச்சியாகி, உதவி தேவைப்படுவோர் பட்டியலிலிருந்து நழுவிவிடலாம்.

காலை பத்தரை மணி

லேண்ட்சாட் நம் ஊருக்கு மேலே வருவது காலை சுமார் பத்தரை மணிக்கு. அந்த நேரத்தில் மெல்லிய பொருள்களும் காய்ந்த மண்ணும் சூடேறியிருக்கும். தடித்த கல்லும் கான்கிரீட்டும் இன்னும் சூட்டை உள்ளே வாங்கிக்கொண்டிருக்கும். ஆகவே அடர்ந்த குடியிருப்பு, வெட்டவெளியைவிடக் குளிர்ச்சியாகத் தெரிவதில் வியப்பில்லை. வாங்கிய சூட்டை அது திருப்பித் தருவது இரவில். அதைப் பார்க்க இந்தப் படம் உதவாது. நடுநிசிப் படம் தரும் மோடிஸ் கருவியின் பிக்சல் 1 கிலோமீட்டர். அதில் பாளையங்கோட்டை சில கட்டங்களுக்குள் முடிந்துவிடும். சர்வதேச விண்வெளி நிலையத்திலுள்ள ஈகோஸ்ட்ரெஸ் கருவி சுமார் 70 மீட்டரில், நாளின் வெவ்வேறு நேரங்களில் பார்க்கிறது. ஆனால் நமக்கு வேண்டிய இரவில் மேகமில்லாத படம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும்.

பையன் இப்போது பிப்ரவரிப் படங்கள் நான்கு, மே மாதப் படங்கள் நான்கு எடுத்து, வீடுகளை மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறான். மேலப்பாளையத்துக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே இதுவரை வந்திருக்கும் வித்தியாசம் ஒரு டிகிரிக்கும் குறைவு. நாளுக்கு நாள் பக்கமும் மாறுகிறது. அதை வரைபடத்தில் ஒரே வண்ணமாகப் போடச் சொல்லியிருக்கிறேன். படம் பார்க்க நன்றாக இல்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.