சூளைக் கணக்கில் வராத பிள்ளை

செங்கல் சூளைக்கு ஆய்வுக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது பதிவேட்டை. அதில் 14 வயதுக்குக் குறைந்த ஒரு பெயரும் இருக்காது. "பிள்ளைகளை நான் வேலைக்கு வைக்கவே இல்லை" என்று முதலாளி சொல்வார். பதிவேட்டின்படி அது சரிதான். அவர் கணவனையும் மனைவியையும் ஒரு ஜோடியாக வைத்திருக்கிறார். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. பிள்ளை புரட்டிப் போட்ட கல்லும் சுமந்த மண்ணும் அந்த ஜோடியின் கணக்கில்தான் சேரும். பதிவேட்டில் பிள்ளையைத் தேடுவதுதான் முதல் தவறு. பள்ளி நடக்கும் நேரத்தில் களத்தில் யார் கல் புரட்டுகிறார்கள் என்று பாருங்கள். பிள்ளையின் பெயர் எந்தப் பள்ளியில் இருக்கிறது, கடைசியாக எப்போது போனான் என்று கேளுங்கள். பதிவேடு சொல்லாததை இவை சொல்லிவிடும்.

அடுத்து வரும் வாதம், "அப்பா அம்மாவுக்கு ஒத்தாசை செய்கிறான், அதைச் சட்டமே அனுமதிக்கிறதே" என்பது. 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்று பொதுவாகத் தடை விதித்துவிட்டு, குடும்பத்துக்கும் குடும்பத் தொழிலுக்கும் உதவலாம் என்று ஒரு விலக்கு வைத்தார்கள். பலரும் அதை அரைகுறையாகப் படிக்கிறார்கள். தொழில் குடும்பத்தினுடையதாக இருக்க வேண்டும். வேலை ஆபத்தில்லாததாகவும், பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ செய்வதாகவும் இருக்க வேண்டும். சூளை முதலாளியுடையது. அங்கே தகப்பனே கூலியாள் என்னும்போது, மகன் செய்வது எப்படிக் குடும்பத் தொழிலாகும்? (இந்த விலக்கை வைத்திருக்கவே கூடாது என்பது என் கட்சி. வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் சிறுமியை "உதவி" என்ற சொல்லுக்குள் ஒளித்துவைப்பது மிக எளிது.)

14 முடிந்துவிட்டால் தடையே இல்லை என்று நினைப்பதும் தவறு. சுரங்கம், வெடிபொருள், தீப்பற்றும் பொருள், ஆபத்தான ஆலைப் பணிகள் ஆகியவற்றில் 18 வயது வரை வேலைக்கு வைக்கக் கூடாது. மற்ற இடங்களில்கூட, இரவு 7 முதல் காலை 8 வரை வளரிளம் பருவத்தினரை வேலை வாங்கக் கூடாது; ஓய்வு நேரத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 6 மணி நேரம்தான்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு மீட்பு நாளன்று நடக்கிறது. ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். சூளைக்கு வருமுன் மேஸ்திரியிடம் 40,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். ஆயிரம் கல்லுக்கு ஆயிரம் ரூபாய் என்று வைப்போம். பெற்றோர் இருவரும் ஒரு நாளில் 1,000 கல் போடுவார்கள். 12 வயது மகனும் சேர்ந்தால் 1,250. அவனால் நாளுக்கு 250 ரூபாய் கூடுதல். 150 நாள் பருவத்துக்கு 37,500 ரூபாய். முன்பணத்தை ஏறக்குறைய அந்தப் பையன்தான் அடைக்கிறான். அவனை மீட்டு, முதலாளி மேல் வழக்குப் போட்டுவிட்டு, கடனை அப்படியே விட்டால், அடுத்த பருவத்தில் அவனை வேறொரு சூளையில் பார்க்கலாம்.

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை மட்டும் கையில் எடுப்பதால் வரும் வினை இது. முன்பணத்தைக் காட்டி வெளியே போகவிடாமல் வைத்திருந்தால், 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தையும் சேர்த்தே கேட்க வேண்டும். அந்தச் சட்டப்படி கொத்தடிமைக் கடன் செல்லாது. திருப்பிக் கட்டத் தேவையில்லை. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. வழக்கு முடியும்வரை காத்திராமல் உடனடி உதவித்தொகை பெறவும் மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் வழி இருக்கிறது.

இதற்கெல்லாம் கோட்டாட்சியர் தரும் விடுதலைச் சான்றிதழ்தான் சாவி. அது பெரும்பாலும் விசாரணையன்றே நழுவுகிறது. "விருப்பப்பட்டுத்தான் வந்தீர்களா?" என்று அதிகாரி கேட்பார். "ஆமாம்" என்பார் தகப்பன். ஊரை விட்டு விருப்பப்பட்டுத்தான் வந்தார், அதில் பொய் இல்லை. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. முன்பணம் எவ்வளவு, வாரச் செலவுக்கு என்ன தருகிறார்கள், நடுவில் ஊருக்குப் போகக் கேட்டபோது என்ன சொன்னார்கள், கடன் தீராமல் வேறு சூளைக்குப் போக முடியுமா? பதில்களை அவர் சொன்ன சொற்களிலேயே வாக்குமூலத்தில் எழுத வைக்க வேண்டும்.

தங்களையும் சிறையில் போட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் பெற்றோர் பிள்ளையின் வயதைக் கூட்டிச் சொல்வதும் உண்டு. முதல் முறை என்றால் பெற்றோருக்குத் தண்டனை இல்லை என்று சட்டமே சொல்கிறது. விசாரணை தொடங்குவதற்கு முன்பே, அவர்களுடைய மொழியில், முதலாளியின் ஆட்கள் இல்லாத இடத்தில் அதை அவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.