மோடத்தை எப்போது அணைத்துப் போடலாம், அதில் எது அழியும்

எங்கள் வீட்டில் ஃபைபர் இணைப்பு. சில மாதங்களாக ராத்திரியானால் ஒரு விசித்திரம்: ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வாட்ஸ்அப் கால் நன்றாகவே போகும், ஆனால் புதிதாக எந்தத் தளத்தைத் திறந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். மோடத்தில் ஃபைபர் இணைப்பைக் காட்டும் PON விளக்கு பச்சையாக நிலையாக இருந்தது, சிக்னல் வராவிட்டால் எரியும் LOS விளக்கு எரியவில்லை. வைஃபை வழியாக மோடத்தின் செட்டிங்ஸ் பக்கமான 192.168.1.1-உம் திறந்தது. அப்படியென்றால் லைனும் வைஃபையும் சரி, சிக்கல் மோடத்துக்குள்தான்.

வீட்டிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு தொடர்பையும் மோடம் தன் நினைவகத்தில் NAT என்ற பட்டியலில் குறித்துவைக்கும். அதற்கு ஓர் அளவு உண்டு. லேப்டாப்பில் ஓடிய டோரண்ட், நூற்றுக்கணக்கான தொடர்புகளைத் திறந்து அதை நிரப்பிவிட்டது. பழையவை ஓடும், புதியதற்கு இடமில்லை.

ரீஸ்டார்ட் செய்தால் இந்தப் பட்டியலும், எந்தத் தளப் பெயருக்கு எந்த ஐபி முகவரி என்று மோடம் நினைவில் வைத்திருந்த DNS பதில்களும் காலியாகும், கம்பெனியோடு புதிதாக லாகின் ஆகும், ஐபி முகவரியும் மாறலாம். வைஃபை பெயர், பாஸ்வேர்டு எதுவும் போகாது. அவை தனியாக, மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கின்றன. அவற்றை அழிப்பது பின்னால் இருக்கும் சின்ன ரீசெட் ஓட்டை, அதில் ஊசியை விட்டுவிடாதீர்கள், அப்புறம் லாகின் விவரம் தேடி அலைய வேண்டும்.

ஆனால் ரீஸ்டார்ட் அன்றைக்கு மட்டும்தான் உதவியது. டோரண்டில் அதிகபட்சத் தொடர்புகளை 100 ஆகக் குறைத்த பிறகுதான் தொல்லை நின்றது. LOS சிவப்பாக எரிந்தால் மட்டும் அணைத்துப் போட்டுப் பயனில்லை, கேபிளைப் பார்க்க ஆள் வர வேண்டும்.