முப்பது சதவீத ஸ்லாபில் இருப்பவர் முப்பது சதவீதம் கட்டுவதில்லை

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருப்பவர் போன ஆண்டு தருமபுரியில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தார். ஆண்டுக்கு 50,000 ரூபாய் சம்பள உயர்வு தருவதாகச் சொல்லும் கடிதம் கையில் இருந்தது. முகத்தில் மகிழ்ச்சி இல்லை. “சார், இந்த உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா? இதை வாங்கினால் இருபது சதவீத ஸ்லாபுக்குப் போய்விடுகிறேன்” என்றார்.

அவர் போட்ட கணக்கு இது. நிலைக்கழிவான 75,000 ரூபாய் போக அவருடைய வரிக்குரிய வருமானம் 15,80,000. அது 15 சதவீத ஸ்லாப் என்பதால் வரி 2,37,000. உயர்வுக்குப் பிறகு 16,30,000. அது 20 சதவீத ஸ்லாப் என்பதால் வரி 3,26,000. வருவது 50,000, போவது 89,000. இப்படிக் கணக்குப் போட்டால் யாருக்கும் தூக்கம் வராதுதான்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்லாப் என்ற சொல்லை நாம் வீட்டில் கற்றுக்கொண்டது மின் கட்டண அட்டையிலிருந்து. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. அதற்குக் கீழே உள்ள படிகளில் கிடைத்துவந்த சலுகையும் சேர்ந்தே குறைகிறது. அதனால்தான் மாதக் கடைசியில் மீட்டரைப் பார்த்துவிட்டு மின்விசிறியை நிறுத்துகிறோம். வருமான வரியும் அதே மாதிரி என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது வேறு மாதிரி.

2025-26 நிதியாண்டுக்கான புதிய வரி முறையில் முதல் நான்கு லட்சத்துக்கு வரி இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு நான்கு லட்சத்துக்கும் ஐந்து, பத்து, பதினைந்து, இருபது, இருபத்தைந்து என விகிதம் ஏறிப்போய், 24 லட்சத்துக்கு மேல் முப்பதில் நிற்கிறது. இந்த விகிதங்கள் ஆளுக்கு உரியவை அல்ல, ரூபாய்க்கு உரியவை. எட்டாவது லட்சத்தில் விழும் ரூபாய் யாருடையதாக இருந்தாலும், அவர் கோடீஸ்வரராகவே இருந்தாலும், அதற்கு ஐந்து சதவீதம்தான். மேலே போன ரூபாய், கீழே கிடக்கும் ரூபாயின் விகிதத்தை மாற்றுவதில்லை.

பொறியாளரின் கணக்கைத் திரும்பப் போட்டோம். நான்கிலிருந்து எட்டு லட்சம் வரை 20,000, எட்டிலிருந்து பன்னிரண்டு வரை 40,000, மீதி 3,80,000-க்குப் பதினைந்து சதவீதமாக 57,000. ஆக, பழைய வரி 1,17,000. உயர்வாக வரும் 50,000-இல் முதல் 20,000 ரூபாய் பதினைந்து சதவீத அடுக்கிலேயே அடங்கிவிடுகிறது; அதற்கு வரி 3,000. மீதி 30,000 மட்டும் இருபதில் விழுகிறது, அதற்கு 6,000. புதிய வரி 1,26,000. நான்கு சதவீத செஸ்ஸையும் சேர்த்தால் கூடுதலாகப் போவது 9,360 ரூபாய், கையில் நிற்பது 40,640. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கடைசியாக வரும் ஒரு ரூபாய்க்கு எவ்வளவு வரி என்பது இறுதிநிலை வரி விகிதம். மொத்த வரியை மொத்த வருமானத்தால் வகுத்தால் வருவது சராசரி வரி விகிதம். இவருக்கு முதலாவது 20 சதவீதம். இரண்டாவது, செஸ்ஸை விட்டுவிட்டுப் பார்த்தால், 1,26,000-ஐ 16,30,000-ஆல் வகுக்க வரும் 7.73 சதவீதம்தான். சிலர் தாங்கள் கடந்துவந்த ஐந்து, பத்து, பதினைந்து, இருபது ஆகியவற்றைக் கூட்டி நான்கால் வகுத்து 12.5 என்கிறார்கள். முதல் நான்கு லட்சத்தின் சுழியத்தை அதில் விட்டுவிட்டார்கள். அதைச் சேர்த்துக்கொண்டாலும் தவறுதான், ஏனென்றால் இவருடைய இருபது சதவீத அடுக்கில் 30,000 ரூபாயும் மற்ற அடுக்குகளில் நான்கு நான்கு லட்சமும் இருக்கின்றன. எந்த அடுக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று பார்க்காமல் விகிதங்களை மட்டும் கூட்டுவது, ஒரு கிலோ மல்கோவா விலையையும் ஒரு கூடை பெங்களூரா விலையையும் கூட்டி இரண்டால் வகுப்பது போன்றது.

இரண்டில் எதை எப்போது எடுப்பது என்பதில்தான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். ஆண்டு வரியைச் சமாளிக்க மாதாமாதம் எவ்வளவு ஒதுக்குவது என்றால் சராசரி விகிதம். ஒரு வரவு கூடினால் அல்லது ஒரு கழிவு கிடைத்தால் வரி எவ்வளவு மாறும் என்றால் இறுதிநிலை விகிதம். இதே பொறியாளருக்காக அவருடைய நிறுவனம் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் 40,000 ரூபாய் செலுத்தி, அந்தத் தொகை கழிக்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். சராசரி விகிதத்தை வைத்துப் பெருக்கினால் சுமார் 3,100 ரூபாய் மிச்சம் என்று வரும். உண்மையில் கழிவு மேலிருந்து கீழே வெட்டிக்கொண்டு வருகிறது. இருபது சதவீதத்தில் இருந்த 30,000 முதலில் போகிறது, பிறகு பதினைந்தில் இருந்து 10,000. மிச்சமாகும் வரி 6,000-உம் 1,500-உம் சேர்ந்து 7,500.

“அப்படியானால் வருமானம் கூடி நஷ்டம் என்பதே கிடையாதா?” என்று கேட்டால், கிடையாது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியாது. அப்படி ஓர் இடம் இருக்கிறது. வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை இருந்தால், அடுக்குகளின்படி வரும் 60,000 ரூபாயும் தள்ளுபடியாகிவிடும். 12 லட்சத்தைத் தாண்டினால் தள்ளுபடி முழுவதும் போய்விடும். ஒரு ரூபாய் தாண்டியதற்காக 60,000 கட்ட வேண்டியிருக்குமே என்று, சட்டத்தில் ஒரு நிவாரணம் வைத்திருக்கிறார்கள். 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு வந்ததோ, அதற்கு மேல் வரி போகாது.

கேட்க நன்றாக இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். வரிக்குரிய வருமானம் 12,30,000 என்றால் அடுக்கின்படி வரி 64,500. நிவாரணத்தால் அது 30,000 ஆகக் குறைகிறது. அதாவது கூடுதலாக வந்த 30,000 ரூபாயும் அப்படியே வரிக்குப் போகிறது. அதற்கு மேல் செஸ் 1,200. பக்கத்து மேசையில் சரியாக 12 லட்சத்தில் நிற்பவரைவிட இவர் கையில் 1,200 ரூபாய் குறைவு. அட்டவணையில் பதினைந்து என்று எழுதியிருக்கும் இடத்தில், உண்மையான இறுதிநிலை விகிதம் 104 சதவீதம். அதே ஆளின் சராசரி விகிதமோ, செஸ்ஸைச் சேர்த்தும், இரண்டரை சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது.

இந்தப் பள்ளம் 12,70,588 ரூபாயில் முடிகிறது. அதற்கு மேல் அடுக்கு வரியே குறைவாக இருப்பதால் நிவாரணத்துக்கு வேலை இல்லை. 12 லட்சத்தில் நின்றவரைவிடக் கையில் ஒரு ரூபாயாவது கூட நிற்க வேண்டுமானால் சுமார் 12,74,000-ஐத் தாண்ட வேண்டும். சம்பளக்காரர்கள் இந்த எண்களோடு நிலைக்கழிவு 75,000-ஐக் கூட்டிக்கொள்ளலாம். ஓய்வூதியப் பங்களிப்பைப் பற்றி நிறுவனத்தோடு பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான வருமானம் இல்லை.

இனி அடுத்த குழப்பம். கிருஷ்ணகிரியில் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கும் என் அக்கா மகள் தன் விடைத்தாளைக் காட்டினாள். கேள்வியில் இருந்த அட்டவணை: ஒரு லட்சம் வருமானத்துக்கு வரி 10,000; இரண்டு லட்சத்துக்கு 18,000; மூன்று லட்சத்துக்கு 24,000. “வருமானம் கூடக்கூட வரியும் கூடுகிறது, எனவே வளர்வீத வரி” என்று எழுதியிருந்தாள். மதிப்பெண் சுழியம்.

“மாமா, பணக்காரன் அதிகம்தானே கட்டுகிறான்?” என்றாள்.

அதிகம்தான் கட்டுகிறான். ஆனால் வளர்வீதமா தேய்வீதமா என்பதை ரூபாயில் பார்ப்பதில்லை, வருமானத்தில் எத்தனை பங்கு என்று பார்க்கிறோம். ஒரு லட்சக்காரருக்குப் பத்து சதவீதம், இரண்டு லட்சக்காரருக்கு ஒன்பது, மூன்று லட்சக்காரருக்கு எட்டு. சராசரி விகிதம் இறங்குகிறது, எனவே தேய்வீத வரி. அது மாறாமல் நின்றால் விகிதாச்சார வரி, ஏறினால் வளர்வீத வரி.

இதைச் சொன்னதும் அவள் எதிர்த் திசையில் சாய்ந்துவிட்டாள். அடுக்கு விகிதங்கள் ஏறினால் வளர்வீதம், இறங்கினால் தேய்வீதம் என்று புது விதி ஒன்று வைத்துக்கொண்டாள். அதுவும் நிற்காது. நான்கு லட்சம் வரை வரி இல்லை, அடுத்த நான்கு லட்சத்துக்கு 20 சதவீதம், அதற்கு மேல் 15 என்று ஓர் அட்டவணை இருப்பதாக வைத்துக்கொள்வோம். எட்டு லட்சக்காரர் 80,000 கட்டுகிறார், அது பத்து சதவீதம். பன்னிரண்டு லட்சக்காரர் 1,40,000 கட்டுகிறார், அது 11.67 சதவீதம். அடுக்கு விகிதம் இறங்கியும் வரி வளர்வீதம்தான். ஏன் என்றால், புதிதாக வரும் ரூபாய்க்கான விகிதம் அதுவரையிலான சராசரியைவிட மேலே இருக்கும் வரை சராசரி ஏறிக்கொண்டே இருக்கும். கிரிக்கெட் பார்ப்பவளுக்கு இதை விளக்குவது எளிது. சராசரி 10 வைத்திருக்கும் ஆட்டக்காரர் போன முறை 20 எடுத்து, இந்த முறை 15-இல் அவுட் ஆனாலும் சராசரி கூடத்தான் செய்யும். மேல் அடுக்கு எட்டு சதவீதமாக இருந்திருந்தால் கதை மாறியிருக்கும்.

சரக்கு மற்றும் சேவை வரிக்கு வந்தபோது, “எல்லோருக்கும் ஒரே விகிதம், எனவே விகிதாச்சாரம்” என்றாள். வீட்டுச் சமையல் எரிவாயுவுக்கு ஐந்து சதவீதம். கணக்குக்காக சிலிண்டரின் அடிப்படை விலை 800 என்று வைத்தால் வரி 40 ரூபாய். தக்காளி மண்டியில் சுமை தூக்கி மாதம் 16,000 சம்பாதிப்பவர் வீட்டில் மாதம் ஒரு சிலிண்டர். அது வருமானத்தில் 0.25 சதவீதம். மாதம் 1,60,000 சம்பாதிப்பவர் வீட்டில் இரண்டு சிலிண்டர். வரி 80 ரூபாய், வருமானத்தில் 0.05 சதவீதம். இரண்டு மடங்கு ரூபாய் கட்டியும் சுமை ஐந்தில் ஒரு பங்கு. ஐந்து சதவீதம் என்பது விலையின் மேல் போட்ட விகிதம். வகைப்படுத்தும்போது வகுக்க வேண்டியது வருமானத்தால்.

கடைசியில் அவளே ஒரு கேள்வி கேட்டாள். உள்ளாட்சி அமைப்புகள் வாங்கும் தொழில்வரிக்கும் வருமான அடுக்கு இருக்கிறதே, அது வளர்வீதமா என்று. அங்கே அடுக்குக்கு ஒரு தொகை; அடுத்த அடுக்குக்குள் கால் வைத்தால் முழுத் தொகையும் மாறும். ஓசூர் பொறியாளரின் பயம் அங்கே நியாயமானது. ஆனால் அரசியலமைப்பின் 276-ஆவது பிரிவு, ஒருவர் கட்டும் தொழில்வரி ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்கிறது. கீழ் அடுக்குகளில் கொஞ்ச தூரம் ஏறி, அந்த உச்சத்தைத் தொட்டதும் வரி அப்படியே உறைந்துவிடுகிறது. உச்சத் தொகையைக் கட்டும் இருவரில் ஐந்து லட்சம் சம்பாதிப்பவருக்கு அது 0.5 சதவீதம், 15 லட்சம் சம்பாதிப்பவருக்கு 0.17.

“அப்படியானால் ஒரே வரி இரண்டு வகையிலும் வருமா?” என்றாள். எந்த வருமானத்திலிருந்து எந்த வருமானம் வரை என்று குறிப்பிட்டு எழுது என்றேன்.